மொத்தம் 5 என்று சொல்லிவிட்டால்: பாய்சான் கணக்கில் நான் சறுக்கிய இடம்

புள்ளியியல் செமஸ்டர் தேர்வில் வந்த கேள்வி இது. ஒரு தாளை ஒருவர் தட்டச்சு செய்தார், அதில் பிழைகள் சராசரி 2. இன்னொரு தாளை வேறொருவர் செய்தார், அதில் சராசரி 3. முதல் தாளின் பிழைகள் X, இரண்டாவதின் பிழைகள் Y, இரண்டும் ஒன்றையொன்று சாராத பாய்சான் மாறிகள். இரண்டு தாளிலும் சேர்த்து 5 பிழைகள் இருந்தன என்றால், முதல் தாளில் சரியாக 2 இருந்திருக்க நிகழ்தகவு என்ன?

கூட்டினால் சராசரி 5 உள்ள பாய்சான் என்பது தெரியும். அதனால் வேகவேகமாக P(X=2)-ஐ P(X+Y=5)-ஆல் வகுத்தேன். 0.2707-ஐ 0.1755-ஆல் வகுத்தால் 1.54 வருகிறது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டுமா? கால்குலேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன், என்னை இல்லை!

விட்டுப்போனது இதுதான். மொத்தம் 5, முதல் தாளில் 2 என்றால் இரண்டாவதில் 3 இருந்தே ஆகவேண்டும். தொகுதியில் P(Y=3)-ம் பெருக்கப்பட வேண்டும். அது 0.2240. பெருக்கி வகுத்தால் 0.3456.

வீட்டுக்கு வந்து எழுத்துகளை வைத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. X-இன் சராசரி λ, Y-இன் சராசரி μ என்று வைத்துக்கொண்டு கூட்டல் பரவலை நிரூபிக்கும்போது இந்த வரி வரும்:

P(X+Y=n) = (e^-(λ+μ) / n!) × Σ C(n,k) λ^k μ^(n-k)

சிக்மாவுக்குள் இருப்பது (λ+μ)^n-இன் ஈருறுப்பு விரிவு. முழுதாகக் கூட்டினால் பாய்சான். அதில் ஒரே ஒரு உறுப்பை எடுத்து மொத்தத்தால் வகுத்தால், e-யும் n!-உம் அடிபட்டுப் போய், C(n,k) p^k (1-p)^(n-k) மிஞ்சும். இங்கே p = λ/(λ+μ). அதாவது, பத்து மதிப்பெண் நிரூபணத்தின் நடுவரியிலேயே அடுத்த கேள்விக்கான விடையும் கிடக்கிறது. நம் கணக்கில் p = 2/5, எனவே 10 × 0.16 × 0.216 = 0.3456. அதே விடை, e-யின் அடுக்கு எதையும் தட்டாமல்.

அதற்கப்புறம் விடையைச் சரிபார்க்க ஒரு வழி வைத்துக்கொண்டேன். மொத்தம் கொடுத்த பிறகும் விடையில் e நின்றால், எங்கோ ஓர் உறுப்பு விட்டுப்போயிருக்கிறது. விகிதம் மட்டுமே கணக்கில் வருவதால், சராசரிகள் 20, 30 என்று இருந்தாலும் 5-க்குள் பிரியும் விதம் மாறாது.

இன்னொரு பொறியும் உண்டு. மொத்தம் தெரிந்தபின் X-இன் மாறுபாட்டைக் கேட்டால், பழக்கத்தில் 2 என்று எழுதத் தோன்றும். X இப்போது 5-ஐத் தாண்ட முடியாது, அது பாய்சானே இல்லை. மாறுபாடு 5 × 0.4 × 0.6 = 1.2. X-உம் Y-உம் இனி சார்பற்றவையும் அல்ல. ஒன்று கூடினால் மற்றது குறைந்தே தீரும்.