பள்ளியில் சேர்க்கும் முன் கணக்கு நோட்டைக் கேளுங்கள்

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. மகள் பத்தாம் வகுப்பு பாஸ். மற்ற பாடங்களில் எல்லாம் எண்பதுக்கு மேல், கணக்கில் மட்டும் 68. முதல் நாள் பெருமூச்சு விட்டேன், இரண்டாம் நாள் கோபம் வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் மூன்று பேர் போன் செய்து, "உங்க பொண்ணு படிச்ச ஸ்கூல்ல எங்க பிள்ளையச் சேர்க்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசுவதை விட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. கேட்டவர்களுக்கு எந்தப் பள்ளி என்று தெரியும், மற்றவர்கள் தாங்கள் பார்க்கப் போகும் பள்ளியை மனதில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

முதலில் அந்த 68-ன் கதை. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. செங்கோண முக்கோணத்தில் கர்ணம் 13, மற்ற இரண்டு பக்கங்களில் ஒன்று இன்னொன்றை விட 7 அதிகம், பக்கங்களைக் கண்டுபிடி. பார்த்துப் பழகிய கணக்குதான். இவளும் x, x + 7 என்று எடுத்து, x² + (x + 7)² = 169 என்று சமன்பாட்டைச் சரியாகவே எழுதியிருக்கிறாள். அடுத்த வரியில் (x + 7)² என்பதை x² + 49 என்று விரித்துவிட்டாள். நடுவில் வரவேண்டிய 14x காணாமல் போனது. 2x² = 120, x² = 60, x = √60. அங்கேதான் கை நின்றுவிட்டது. பக்கம் முழு எண்ணாக வரும் என்று அவளுக்குத் தெரியும். அடித்துவிட்டுத் திரும்பப் போட்டாள், மறுபடியும் √60. மூன்றாவது தடவையும் அதே. இருபத்தைந்து நிமிடம் போயிற்று, கடைசியில் இருந்த வரைபடக் கேள்வியைத் தொடவே இல்லை. 14x இருந்திருந்தால் x² + 7x − 60 = 0, காரணிப்படுத்தினால் x = 5, பக்கங்கள் 5, 12. மூன்று நிமிட வேலை.

"எத்தனை தடவை போட்டாலும் அதேதாம்மா வந்துச்சு" என்றாள். மூன்று தடவையும் ஒரே இடத்தில் தப்பு வந்தால் அதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் விரிக்க வேண்டும் என்று அவள் நம்பியிருக்கிறாள். பரண் மேலிருந்த ஒன்பதாம் வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். (x + 5)² = x² + 25 என்று எழுதியிருந்தாள். அதன் மேலேயே சிவப்பு மையில் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் 'குட்'. அந்த ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. நான்கு பக்கம் தள்ளி அதே தப்பு, அதே டிக்.

சேர்க்கும்போது நான் என்ன பார்த்தேன் தெரியுமா? வாசலில் இருந்த முதலிடம் பிடித்தவர்களின் போட்டோ போர்டு, ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் லேபில் எத்தனை கம்ப்யூட்டர் என்ற கணக்கு. ஒரு நோட்டைக் கூடத் திறந்து பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தால் ஆசிரியரைப் பார்த்த மாதிரி என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

நோட்டை எப்படிக் கேட்பது:

– "ஒன்பதாவது கணக்கு நோட்டு ரெண்டு, மூணு பார்க்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். முதல் ரேங்க் பிள்ளையின் நோட்டு வேண்டாம், அதில் திருத்த ஒன்றும் இருக்காது. நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளையின் நோட்டு வேண்டும்.
– தப்பு எந்த வரியில் வந்ததோ அந்த வரியில் சிவப்பு மை இருக்கிறதா, கடைசி விடையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.
– தப்பான கணக்கைப் பிள்ளை திரும்பப் போட்டிருக்கிறதா, அந்தத் திருத்தத்தையும் யாராவது பார்த்திருக்கிறார்களா? இதுதான் முக்கியம், மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.
– பாடம் எழுதிய தேதிக்கும் திருத்திய தேதிக்கும் எவ்வளவு இடைவெளி? பத்து பாடத்தில் ஒரே தேதி இருந்தால் அது ஒரே உட்காரலில் போட்ட கையெழுத்து.
– கையெழுத்து வருடம் முழுக்க ஒரே ஆளுடையதா?

கடைசிக் கேள்வி என் அனுபவத்தில் வந்தது. மகளின் நோட்டில் மூன்று கையெழுத்து இருக்கிறது. முதல் டீச்சர் நன்றாகத் திருத்தியிருக்கிறார், ஒரு குறி தவறினாலும் வட்டம் போட்டிருக்கிறார். காலாண்டோடு அவர் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவர் இடைக்கால ஏற்பாடு, வேறு பாடத்துக்காரர். அந்த நீள டிக் எல்லாம் அவருடைய காலத்தில்தான். மூன்றாமவர் வருவதற்குள் அந்தப் பாடமே முடிந்துவிட்டது.

அவரையும் நான் திட்ட மாட்டேன். நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பத்தைந்து பேர், மொத்தம் 180 நோட்டு. ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஆறு மணி நேரம். வகுப்பும் எடுத்து, விட்டுப்போன பீரியடுக்கும் போய், எங்கே உட்கார்ந்து திருத்துவார்? அதனால் "டீச்சர் எப்படி?" என்று கேட்பதை விட, "ஒரு கணக்கு டீச்சருக்கு எத்தனை செக்‌ஷன்? போன வருஷம் ஒன்பதாவது எடுத்தவங்க இப்பவும் இருக்காங்களா?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து நல்ல டீச்சர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. அறிவியல் டீச்சர் மகளுக்குத் தாய் மாதிரி. ஆனால் அவர்களை இரண்டு வருடத்துக்கு மேல் தக்கவைக்கத் தெரியாத பள்ளி அது.

வசதிகள். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் அளவுக்கு மீறிப் பார்க்கிறோம், நானும் அப்படித்தான். வேதியியல் லேப் உண்மையிலேயே நல்லது. மேசையில் அமிலம் பட்ட கறை, வாய் உடைந்த சோதனைக்குழாய்கள் ஒரு டப்பாவில், ஈரமான சிங்க். புழங்குகிற இடம் அப்படித்தான் இருக்கும். பளபளவென்று இருந்து, குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தால் சந்தேகப்படுங்கள். நூலகத்தில் புத்தகம் எத்தனை என்று கேட்காதீர்கள். ஏதாவது ஐந்து புத்தகத்தை எடுத்துக் கடைசியாக யாருக்கு எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் நான் எடுத்த ஐந்தில் நான்கு யாருக்கும் போனதே இல்லை.

கழிவறையைக் காலையில் காட்டுவார்கள். சாயங்கால இடைவேளை முடிந்ததும் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், பெண் பிள்ளைகளுக்கு மூடியோடு குப்பைத்தொட்டி, இந்த மூன்றும் போதும். மகள் ஏழாவது படிக்கும்போது தண்ணீர் பாட்டில் காலையில் போன மாதிரியே நிறைந்து திரும்பி வரும். தண்ணீர் குடிக்க அவளுக்குச் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பயந்து குடிக்காமல் இருந்திருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கேட்ட பிறகு சரிசெய்தார்கள். கேட்டதும் செய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி பிள்ளைகளுக்கு அங்கே எப்படி இருக்கும் என்பது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து செக்‌ஷனைக் கலைத்து அடுக்கினார்கள். 'ஏ'-க்கு மூத்த ஆசிரியர்கள், 'டி'-க்குப் புதிதாக வந்தவர்கள். மகள் 'பி'-யில் இருந்தாள், ஆறாவதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த தோழி 'டி'-க்குப் போனாள். இரண்டு பேரும் ஒரே வேனில் வருவார்கள், பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. "அவ என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறாம்மா" என்று இவள் சொன்னபோது எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டி இருந்தால் முளைக்கும் பிள்ளைகள் உண்டு, என் அக்கா மகன் அப்படித்தான், அவனுக்கு அந்தப் பள்ளி அமிர்தம். தப்பு செய்தால் மறைக்கிற பிள்ளைக்கு அது ஆகாது. என் மகள் மறைக்கிற ரகம், நானும் அந்த ரகம், அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கையின்போது, "செக்‌ஷன் எதை வெச்சுப் பிரிப்பீங்க, எந்த வகுப்புல?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, அலுவலகத்தில் கேட்கவேண்டியது. இந்த வருடமும் அவர்கள் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். பொய் இல்லை. தேர்வு எழுதியவர்கள் 152, பாஸ் 152. ஆனால் இதே பிள்ளைகள் ஒன்பதாவதில் 180 பேர். அந்த 28 பேரில் வீடு மாறிப் போனவர்களும் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தே ஐந்து பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு, "இங்க கஷ்டம், டி.சி. வாங்கிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தேர்ச்சி சதவீதத்தை விட்டுவிட்டு, "போன வருஷம் ஒன்பதாவதுல எத்தனை பேர், இந்த வருஷம் பரீட்சை எழுதினது எத்தனை பேர்?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல யோசித்தால் அந்த யோசனையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஏற்கெனவே பிள்ளை படிக்கிறவர்களுக்கு:

– மாதம் ஒரு தடவை கணக்கு நோட்டில் எந்தப் பக்கத்தையாவது விரித்து, டிக் போட்ட ஒரு கணக்கை விடை மறைத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.
– இயற்கணிதம் தெரியாவிட்டாலும் எண் வைத்துச் சோதிக்கலாம். x-க்கு 1 போடுங்கள். (1 + 5)² என்றால் 36, x² + 25 என்றால் 26. இரண்டும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எனக்கு இது முன்பே தோன்றியிருந்தால்!
– தேர்வுத்தாள் எத்தனை நாளில் கைக்கு வருகிறது, படிக்குப் படி மதிப்பெண் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்தம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு எங்கே வழுக்கியது என்று தெரியாது.

கேட்ட மூன்று பேருக்கும் பதில்: ஆறாவதில் சேர்க்கலாம், அங்கே கீழ் வகுப்பு ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள். நேராக ஒன்பதாவதில் சேர்க்கிறவர்கள் யோசியுங்கள். என் சின்னவனை நான் மாற்றவில்லை, அவன் இப்போது ஏழாவது போகிறான். நேற்று அவனுடைய போன வருட நோட்டையும் விரித்தேன். ஒரு கழித்தல் குறியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி, அடுத்த பக்கத்தில் அவன் திரும்பப் போட்ட கணக்கு, அதன் கீழே இரண்டு நாள் கழித்த தேதியோடு கையெழுத்து. அந்த டீச்சர் இந்த வருடமும் இருக்கிறாரா என்று கேட்க நாளைக்குப் போகிறேன்.