பேலியோவின் முதல் வாரம்: குறைந்த 3.4 கிலோவில் கொழுப்பு எவ்வளவு?

தக்கலைப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் 84 கிலோவில் பேலியோ உணவுமுறை தொடங்கினார். புட்டு, மரச்சீனி, சம்பா அரிசிச் சோறு, ஏத்தம்பழம் எல்லாம் நின்றன. சாளை, முட்டை, தேங்காய், கீரை என்று மாறினார். எட்டாம் நாள் காலையில் எடை 80.6. குறைந்த 3.4 கிலோவை நாங்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்.

முதலில் கொழுப்பு. அவர் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 2,400 கலோரி, சாப்பிட்டது 1,700. ஏழு நாள் பற்றாக்குறை 4,900 கலோரி. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆக, கரைந்தது 600 கிராம்போல.

மீதி 2.8 கிலோ? மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது: ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அண்ணனுக்கு 400 கிராம் செலவாகியிருந்தால், அதோடு போன தண்ணீர் 1.2 கிலோ, சேர்த்து 1.6 கிலோ. தசையில் உள்ளது முழுசாகத் தீராது, அதனால்தான் 500 என்று வைக்கவில்லை.

பாக்கி 1.2 கிலோவில் பெரும்பங்கு உப்போடு போன தண்ணீர். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடும், தண்ணீரும் கூடவே போகும். குடலில் கிடக்கும் உணவின் எடை குறைவதும் இதில் சேரும். முதல் மூன்று நாலு நாள் அடிக்கடி சிறுநீர் போவது இப்படித் தண்ணீர் வெளியேறுவதால்தான்.

இந்தப் பங்கீடு தோராயம்தான். ஆனால் 1976இல் யாங், வான் இட்டாலி என்ற ஆய்வாளர்கள் மாவுச்சத்து மிகக் குறைந்த 800 கலோரி கீட்டோ உணவை 10 நாள் கொடுத்து அளந்தபோதும், குறைந்த எடையில் 61 சதவீதம் தண்ணீர், 35 சதவீதம் கொழுப்பு.

பத்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் சோறும் அடைப்பிரதமனும் சாப்பிட்டு, மறுநாள் 1.5 கிலோ ஏறிவிட்டதென்று பதறிப்போனார். அவ்வளவும் கொழுப்பாக இருக்க 11,500 கலோரி அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. கிளைக்கோஜன் நிரம்பித் தண்ணீர் திரும்பியிருக்கிறது, அவ்வளவே. கருவாடு சாப்பிட்ட மறுநாளும் இப்படி ஏறும், அது உப்பின் வேலை.

அதனால் எட்டாம் நாள் எடையையே தொடக்கமாக வையுங்கள். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும்முன், அதே தராசில் எடை பாருங்கள். வாரச் சராசரியை வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் அரைக் கிலோ குறைந்தால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம். நின்றுவிட்டதென்று சாப்பாட்டை மேலும் குறைக்க வேண்டாம். இடுப்பளவும் எடுத்து வையுங்கள்.

எழுந்தால் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் உப்பு போதாமல் இருக்கலாம்; மீன்சாறோ எலும்புச்சாறோ உப்புப் போட்டுக் குடியுங்கள். பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக உப்பைக் கூட்டக்கூடாது. பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அளவை மாற்றிக் கேட்க வேண்டும், ஏனென்றால் பழைய டோஸில் பிரஷரும் சர்க்கரையும் அந்த முதல் வாரத்திலேயே தாழ்ந்துபோகலாம்.