“மூன்று சதவீதத்துக்குள்” என்றால் எத்தனை பேர்?

சர்வே கேட்டு வருபவர்கள் தேவையைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: “பிழை வரம்பு 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும். எத்தனை பேரைக் கேட்கணும்?” இந்த வாக்கியத்தில் உற்றுக் கேட்க வேண்டியது 3 என்ற எண்ணை அல்ல, ‘க்குள்’ என்ற ஒட்டை. அது இருப்பதால் கணக்கு சமன்பாடாக இல்லாமல் அசமன்பாடாகிறது. விடையும் ஓர் எண்ணாக வராமல் “இத்தனைக்கு மேல் எதுவானாலும் சரி” என்ற எல்லையாக வரும். சர்வே வேலையில் நடக்கும் பல கோளாறுகள், அந்த எல்லையை இலக்கு என்று எடுத்துக்கொள்வதில் தொடங்குகின்றன.

ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்பவர்களின் பங்கை மதிப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பிக்கை அளவுக்கு உரிய பெருக்கெண் z = 1.96. உண்மையான பங்கு p, கேட்கப்படுபவர்கள் n, பிழை வரம்பின் உச்சம் E.

```
1.96 · √(p(1−p)/n) < E
```

n பின்னத்தின் கீழே, அதுவும் வர்க்கமூலத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் நேர்மறை என்பதால் வர்க்கப்படுத்தினால் குறி திரும்பாது. பிறகு n-ஆல் பெருக்குகிறோம், E²-ஆல் வகுக்கிறோம். இரண்டுமே நேர்மறை, அதனால் இங்கும் குறி மாறாது.

```
n > 1.96² · p(1−p) / E²
```

‘<’ என்று தொடங்கியது ‘>’ என்று முடிந்ததைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவதுண்டு. குறி எங்கும் புரளவில்லை. n வலப்பக்கம் போய்ச் சேர்ந்ததால் அதை இடப்பக்கம் வைத்துப் படிக்கிறோம், அவ்வளவுதான். பொருளும் அதையே சொல்கிறது: பிழை குறைய வேண்டுமென்றால் ஆட்கள் கூட வேண்டும். கணக்கின் முடிவில் n ஏதோ ஒன்றைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று வந்தால், இடையில் எங்கோ தவறியிருக்கிறது.

p = 0.5, E = 0.03 என்று போட்டால் 0.9604 / 0.0009, அதாவது 1067.11. E என்ற இடத்தில் 0.03-க்குப் பதில் 3 என்று இட்டால் விடை 0.107 வரும். அது தவறு என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். தெரியாமல் நழுவுவது வேறு தவறு: 1067.11-ஐ ‘கிட்டத்தட்ட 1067’ என்று வட்டமாக்குவது. 1067 அந்த எல்லைக்கு இப்பால் நிற்கிறது, நிபந்தனையை அது நிறைவேற்றாது. 1068 தான் முதல் சரியான முழு எண். மேல்நோக்கி ஏற்றுவது இங்கே வசதிக்காகச் செய்வதல்ல, அசமன்பாடே கேட்பது. எக்செல்லில் ROUND போடாமல் இப்படிப் போட வேண்டும்:

```
=ROUNDUP(1.96^2*0.5*(1-0.5)/0.03^2,0)
```

5 சதவீதத்துக்கு 384.16 வரும். அதை 384 என்று எழுதிய அறிக்கைகள் நிறைய. 384 பேரைக் கேட்டால் வரம்பு 5.001 சதவீதம், 385 பேரைக் கேட்டால் 4.995. ஓர் ஆளால் உலகம் கவிழ்ந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தில் “5-க்குக் குறைவாக” என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் வாதாட இடமில்லை.

2 சதவீதம் என்பது இன்னும் வேடிக்கையான இடம். 0.9604 / 0.0004 மிகச் சரியாக 2401. “2 சதவீதத்துக்கு மிகாமல்” என்றால் 2401 போதும். “2 சதவீதத்துக்கும் குறைவாக” என்றால் 2402 வேண்டும். இதில் z-ஐ 1.96 என்று சுருக்காமல் 1.959964 என்று எடுத்தால் எல்லை 2400.91 ஆகிவிடுகிறது, 2401-ஏ இரண்டு நிபந்தனைக்கும் போதும். இருவர் போட்ட கணக்கில் ஓர் ஆள் வித்தியாசம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்: z-இன் தசம இடங்கள், நிபந்தனையின் சொல்.

அடுத்த சிக்கல் p. சர்வே செய்து கண்டுபிடிக்க வேண்டியதையே சர்வேக்கு முன்னால் கேட்கிறது சூத்திரம். எதுவும் தெரியாதபோது 0.5 என்று வைப்பதற்குக் காரணம், p(1−p) அங்கேதான் உச்சமான 0.25-ஐத் தொடுகிறது. p எதுவாக இருந்தாலும் 1068 பேர் போதும் என்ற உத்தரவாதம் அதிலிருந்து கிடைக்கிறது. ஆனால் “இது அரிதான விஷயம், பத்துப் பேரில் ஒருவர்தான் ஆம் என்பார்” என்று யாராவது சொன்னால் ஆசை வந்துவிடும். p = 0.1 என்று வைத்தால் தேவை 385 பேராகச் சுருங்குகிறது. உண்மைப் பங்கு 20 சதவீதமாக இருந்துவிட்டால் தேவைப்பட்டிருக்கக்கூடியவர்கள் 683 பேர். 385 பேரோடு நிறுத்தியவர் வரம்பைத் தாண்டி 4 சதவீதத்தில் நிற்பார். அனுமானம் ஒரு வீச்சாக இருந்தால், அந்த வீச்சுக்குள் 0.5-க்கு மிக அருகில் உள்ள மதிப்பையே சூத்திரத்தில் இட வேண்டும். 10 முதல் 20 வரை என்றால் 20. சராசரி பார்த்து 15 போடக் கூடாது. இன்னொன்று: பங்கு 10 சதவீதமாக இருக்கும்போது 3 சதவீதப் புள்ளி என்பது 7-க்கும் 13-க்கும் இடைப்பட்ட அகலம். அந்த அகலம் முடிவெடுக்க உதவுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. அரிதான விஷயத்துக்குப் பெரும்பாலும் E-ஐயே இன்னும் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

1068 என்ற விடைக்குள் ஒரு மௌனமான நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று சூத்திரம் நம்புகிறது. நேரில் போய்க் கேட்கும் சர்வேக்களில் அப்படி நடப்பது அரிது. சில பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு பேரைக் கேட்பதுதான் நடைமுறை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களின் பதில்கள் ஓரளவு ஒத்திருக்கும் என்பதால், பதினோராவது ஆள் தரும் புதுத் தகவல் முதல் ஆள் தந்ததைவிடக் குறைவு. இந்த இழப்பைத்தான் டிசைன் எஃபெக்ட் என்று சொல்கிறோம். ஒரு பகுதிக்கு m பேர், ஒற்றுமையின் அளவு ρ என்றால்:

```
deff = 1 + (m−1)·ρ
n > deff · 1.96² · p(1−p) / E²
```

ρ = 0.05 என்று எடுத்துக்கொண்டால், பகுதிக்கு 11 பேர் வீதம் கேட்கும்போது டிசைன் எஃபெக்ட் 1.5. எல்லை 1600.67, ஆக 1601 பேர், அதாவது 146 பகுதிகள். பயணச் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று பகுதிக்கு 21 பேராக்கினால் டிசைன் எஃபெக்ட் 2 ஆகி, 2135 பேர் தேவைப்படும், பகுதிகள் 102 ஆகக் குறையும். பகுதிக்கு 6 பேர் என்றால் 1334 பேர் போதும், ஆனால் 223 பகுதிகளுக்குப் போயாக வேண்டும். பட்ஜெட் பேச்சு நடக்க வேண்டிய இடம் இந்த மூன்று வரிசைகள்தான். “1068 போதும்னு சூத்திரம் சொல்லுது” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தப் பேச்சுக்கு வழியே இல்லாமல் போய்விடும்.

அசமன்பாட்டில் உள்ள n முடிந்த நேர்காணல்களின் எண்ணிக்கை. தட்ட வேண்டிய கதவுகளின் எண்ணிக்கை வேறு. பத்தில் ஆறு பேர் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால், பகுதிக்கு 11 பேர் கிடைக்க 11 / 0.6 = 18.3, ஆகவே 19 முகவரிகள் கையில் இருக்க வேண்டும். 146 பகுதிகளுக்கு 2774. மொத்தத்தை மட்டும் 0.6-ஆல் வகுத்தால் இதைவிடக் குறைவாக வரும். ஆனால் களப்பணியாளர் மொத்தத்தோடு பகுதிக்குள் போவதில்லை, பட்டியலோடுதான் போகிறார். அதனால் மேலேற்றுவதைப் பகுதி அளவிலேயே செய்துவிட வேண்டும். பட்டியல் பத்தாமல் போனால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள், குலுக்கல் அங்கேயே கெட்டுவிடும்.

பதில் தராதவர்களை எண்ணிக்கையால் ஈடுகட்டலாம், அவர்கள் வேறு மாதிரி நினைப்பவர்களாக இருந்தால் ஈடுகட்ட முடியாது. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேலான பதில்களைப் பெற்றது. நமது சூத்திரப்படி அதன் பிழை வரம்பு 0.1 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கணிப்பு லேண்டன் ஜெயிப்பார் என்றது, ரூஸ்வெல்ட் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். சீட்டு யாருக்குப் போனது, யார் திருப்பி அனுப்பினார்கள் என்ற இரண்டும் அசமன்பாட்டில் எந்த எழுத்திலும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு வரும் கேள்வியும் ஒன்று உண்டு: “இதில் இளைஞர்களை மட்டும் பிரித்துக் காட்ட முடியுமா?” காட்டலாம். அவர்கள் மாதிரியில் கால்பங்கு என்றால், எளிய குலுக்கல் முறையில் எடுத்த 1068-லும் 267 பேர்தான். வரம்பு 6 சதவீதமாகிவிடும். ஆள் நான்கில் ஒன்றானால் பிழை இரட்டிப்பாகும். அந்தப் பிரிவுக்கும் 3 சதவீதம் வேண்டுமென்றால் அவர்களிலேயே 1068 பேர் வேண்டும், மொத்தத்தில் 4272. இந்தக் கேள்வியை n போடுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

களத்திலிருந்து தரவு வந்ததும் அசமன்பாட்டைத் திரும்ப எடுத்து, அனுமானங்களின் இடத்தில் கிடைத்த மதிப்புகளை இட்டுப் பார்க்க வேண்டும். 1601 பேரில் ‘ஆம்’ 30 சதவீதம், டிசைன் எஃபெக்ட் எதிர்பார்த்த 1.5 என்றால் வரம்பு 2.75, நிபந்தனைக்குள் இருக்கிறோம். பங்கு 50 சதவீதமாகவும் டிசைன் எஃபெக்ட் 1.9 ஆகவும் வந்திருந்தால் வரம்பு 3.4. அப்போது அறிக்கையில் 3.4 என்றே எழுத வேண்டும், திட்டமிட்ட 3 அல்ல.