லீன் பல்க்கில் பலம் நின்றபோது: உணவா, தூக்கமா, பயிற்சித் திட்டமா?

உடல் எடையை மெதுவாக ஏற்றிக்கொண்டே தசையையும் பலத்தையும் கூட்டுவதுதான் லீன் பல்க். எடை ஏறும் காலத்தில் பார்பெல்லில் எடை ஏறாமல் நின்றுவிட்டால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்வதாகத்தான் இருக்கும். எனக்கும் அதுவே கிடைத்தது. ஆனால் உணவைக் கூட்டுவதற்கு முன், நின்றுபோனது எது, எப்படி நின்றது என்பதைப் பயிற்சிக் குறிப்பேட்டிலிருந்து பிரித்துப் பார்க்க விரும்பினேன். அப்படிப் பார்த்ததில், ஒரே தேக்கம் போலத் தெரிந்தவை வெவ்வேறு காரணங்களால் வந்த இரண்டு தேக்கங்கள் என்று தெரிந்தது.

அப்போது என் எடை ஏறத்தாழ 72 கிலோ. நாளொன்றுக்குச் சுமார் 250 கலோரி உபரியாகச் சாப்பிட்டுவந்தேன். ஸ்குவாட் 110 கிலோவில் ஐந்து ரெப், பெஞ்ச் பிரஸ் 80 கிலோவில் ஐந்து ரெப் என்ற இடத்தில் இரண்டும் நின்றிருந்தன. டெட்லிஃப்டும் ஸ்குவாட்டைப் போலவே கனக்கத் தொடங்கியிருந்தது.

உணவுதான் குறை என்றால் அது முதலில் உடல் எடையில் தெரிய வேண்டும். காலையில் கழிப்பறை சென்றுவந்த பின், எதுவும் உண்ணாமல் எடுத்த எடைகளின் வாரச் சராசரியை மட்டுமே இதற்கு எடுத்துக்கொண்டேன். தனித்தனி நாள்களின் எடை, உப்பையும் மாவுச்சத்தையும் பொறுத்து ஒரு கிலோ வரைகூட ஏறி இறங்கும் என்பதால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சராசரிகள் 72.1, 72.3, 72.5, 72.8 என்று வரிசையாக ஏறியிருந்தன. ஓரளவு பயிற்சி அனுபவம் உள்ளவர்களுக்கு வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம் வரை ஏறுவது நல்ல வேகம். என் எடைக்கு அது 180 முதல் 360 கிராம். நான் அந்த எல்லைக்குள்தான் இருந்தேன், தொப்புள் மட்டத்தில் அளந்த இடுப்புச் சுற்றளவும் சிறிது கூடியிருந்தது. எடை இந்த வேகத்தில் ஏறும்போது கூடுதல் கலோரி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கொழுப்புதான், ஏனெனில் தசை வளரும் வேகத்துக்கு உடலே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மாறாக, புரதம் போதுமான அளவில் இருந்தும் சராசரி எடை இரண்டு மூன்று வாரங்களாக அசையாமல் இருந்திருந்தால், மற்ற எதையும் யோசிக்காமல் கலோரியைத்தான் கூட்டியிருப்பேன்.

உணவை ஒதுக்கிவைத்த பின் குறிப்பேட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு செட்டின் முடிவிலும், இன்னும் எத்தனை ரெப் செய்திருக்க முடியும் என்று ஒரு மதிப்பீடு எழுதிவைப்பது என் வழக்கம். அதை மிச்ச ரெப் என்று வைத்துக்கொள்வோம். 110 கிலோ ஸ்குவாட்டின் முதல் செட் மூன்று வாரங்களும் ஐந்து ரெப்தான். ஆனால் மிச்சம் முதல் வாரம் இரண்டாகவும், அடுத்த வாரம் ஒன்றாகவும், மூன்றாவது வாரம் எதுவும் இல்லாமலும் இருந்தது. ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையைக் கணிக்க எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு: தூக்கிய எடையை (1 + ரெப் ÷ 30) என்பதால் பெருக்க வேண்டும். மிச்ச ரெப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் வாரம் ஏழு ரெப்புக்குச் சமம், அதாவது ஏறத்தாழ 135.7 கிலோ, அடுத்த வாரம் 132, மூன்றாவது வாரம் 128.3. குறிப்பேட்டில் நின்றதுபோல் தெரிந்த ஸ்குவாட், உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தது. மிச்ச ரெப் ஒரு மதிப்பீடுதான், அதில் ஒரு ரெப் தவறலாம் என்பது உண்மை. ஆனாலும் அது ஒரே திசையில், அடுத்தடுத்த வாரங்களில் குறைந்துவந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பெஞ்ச் பிரஸ் இப்படி இல்லை. 80 கிலோவில் ஐந்து செட்டும் 5, 5, 5, 4, 3 என்று வாரம் தவறாமல் அதே கணக்கில் முடிந்தன. முதல் செட்டின் மிச்சமும் ஒன்றிலிருந்து மாறவில்லை. அது இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

எடை ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு பயிற்சியில் பலம் இறங்கினால், தசை குறைந்திருக்க வாய்ப்பில்லை. களைப்புதான் தசையின் பலத்தை வெளிவரவிடாமல் மறைக்கிறது என்று பொருள் கொள்ளலாம். பலம் இறங்காமல் அப்படியே நின்றால், உடல் அந்த அளவு வேலைக்குப் பழகிவிட்டது, அதற்கு மேல் வளரக் காரணம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். முதல் வகைக்கு ஓய்வும் தூக்கமும் மருந்து. இரண்டாவது வகைக்குப் பயிற்சித் திட்டத்தில் மாற்றம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், எங்கிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்ய இது போதுமானதாக இருந்தது.

களைப்பின் காரணத்தைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. வேலைப்பளுவால் படுக்கும் நேரம் பத்தரையிலிருந்து நள்ளிரவைத் தாண்டியிருந்தது; காலைப் பயிற்சிக்காக எழும் நேரம் மட்டும் ஐந்தரையாகவே இருந்தது. தூக்கக் குறைவு, பல மூட்டுகளும் பெரிய தசைகளும் ஒன்றாக வேலை செய்யும் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றில் கூடுதலாகத் தெரிவது இயல்பு. அதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியிலும் பார்க்க முடிந்தது. 80 கிலோ வார்ம்-அப் செட்டில், முன்பெல்லாம் கீழே இறங்கிய கையோடு பார் ஒரே வேகத்தில் மேலே வந்துவிடும்; இப்போது தொடை தரைக்கு இணையாக வரும் இடத்துக்குச் சற்று மேலே பார் தயங்கி, இடுப்பு முதலில் உயர்ந்து, மார்பு பின்தங்கி வந்தது. வார்ம்-அப்பிலேயே பார் மெதுவாவது களைப்பின் நம்பகமான அடையாளம். வேலைக்கான கடைசி செட்டுகள் மட்டும் சரிந்தால், அது செட்டுகளுக்கு இடையே போதிய ஓய்வு இல்லாததாலோ, பயிற்சிக்கு முன் மாவுச்சத்து போதாததாலோகூட வரும்.

இந்த நிலையில் டீலோட் செய்யலாமே, அதாவது ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்கி எடையையும் குறைக்கலாமே என்று ஜிம்மில் உடன் பயிற்சி செய்யும் நண்பர் கேட்டார். நியாயமான யோசனைதான். ஆனால் டீலோட் எந்தக் களைப்பையும் தற்காலிகமாக இறக்கிவிடும். அதன் பிறகு பலம் திரும்பினால் அதற்கு தூக்கம் காரணமா, வேலை குறைந்தது காரணமா என்று தெரியாமல் போய்விடும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே இருக்கும்வரை, சில வாரங்களில் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரவேண்டியிருக்கும். ஆகவே உணவு, செட், எடை எதையும் தொடாமல் தூக்கத்தை மட்டும் மாற்றினேன். பத்து மணிக்குப் படுக்கையில் இருப்பது, நண்பகலுக்குப் பின் காபியை நிறுத்துவது என இரண்டே விதிகள். அலுவல் செய்திகளுக்குப் பதில் சொல்வதை மறுநாள் காலைக்குத் தள்ளுவது இவற்றைக் காட்டிலும் கடினமாக இருந்தது.

முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. பல வாரங்களாகக் குறைந்த தூக்கம் ஓரிரு நல்ல இரவுகளில் ஈடாகிவிடாது என்பதால், இங்கே பொறுமை இழந்து அடுத்த மாற்றத்துக்குத் தாவாமல் இருக்க வேண்டும். இரண்டாவது வாரம் 110 கிலோவில் ஒரு ரெப் மிச்சம் வந்தது, அதற்கடுத்த வாரம் இரண்டு. பிறகு 112.5 கிலோவில் ஐந்து ரெப்பை ஒரு மிச்சத்தோடு முடித்தேன். கணக்குப்படி அது 135 கிலோ, ஏறத்தாழ பழைய நிலை. டெட்லிஃப்டும் கூடவே மீண்டது. (எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுபவர்களும், பலமாகக் குறட்டை விடுபவர்களும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எடை ஏறும்போது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கல் மோசமாகக்கூடும்.)

பெஞ்ச் பிரஸ் மட்டும் 5, 5, 5, 4, 3 என்ற கணக்கை விட்டு நகரவில்லை. உணவும் தூக்கமும் சரியாக இருந்தும் நகராததால், இனிப் பார்க்க வேண்டியது திட்டம்தான் என்பது உறுதியாயிற்று. வாரத்துக்கு ஒரே நாள், ஐந்து செட், எப்போதும் ஒரே எடை, ஒரே ரெப் என்பதுதான் என் பெஞ்ச் திட்டமாக இருந்தது. தவிர, எங்கள் ஜிம்மில் உள்ள மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ என்பதால் குறைந்தபட்ச ஏற்றமே 2.5 கிலோ. 110 கிலோ ஸ்குவாட்டில் அது 2.3 சதவீதம், 80 கிலோ பெஞ்சில் 3.1 சதவீதம். மேலுடல் பயிற்சிகள் முதலில் தேங்குவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

எனவே பெஞ்சை வாரத்துக்கு இரண்டு நாளாகப் பிரித்தேன். ஒரு நாள் 80 கிலோவில் நான்கு ரெப் வீதம் நான்கு செட்; இன்னொரு நாள் 67.5 கிலோவில் எட்டு ரெப் வீதம் நான்கு செட். இரண்டாம் நாளில் எடையை ஏற்றாமல் முதலில் ரெப்பை ஏற்றினேன். நான்கு செட்டும் பத்து ரெப்பைத் தொட்ட பிறகே 2.5 கிலோ கூட்டினேன். பிளேட் பெரிதாக இருப்பதால் வரும் தடையை இது சுற்றிச் செல்கிறது, ஏனெனில் ஒவ்வொரு ரெப்பும் ஒரு சிறிய ஏற்றமே. வாரத்துக்கு ஐந்தாக இருந்த செட்டுகள் எட்டாயின. ஈடாக மார்புக்கான துணைப் பயிற்சிகளில் சிலவற்றைக் குறைத்தேன், இல்லாவிட்டால் தோள்பட்டைக்கு வேலை அதிகமாகிவிடும். ஸ்குவாட் திட்டத்தைத் தொடவில்லை. ஏறிக்கொண்டிருக்கும் ஒன்றை மாற்றக் காரணம் இல்லை. திட்டம் மாற்றுவது என்றாலே எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத் தொடங்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் எது வேலை செய்தது என்பதை அறியும் வழியே அடைபட்டுவிடும்.

பெஞ்ச் உடனே ஏறவில்லை. தொடக்க வாரங்களில் இலேசான நாளில் மட்டும் ரெப் கூடியது, கனமான நாள் அப்படியே இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கனமான நாளை 82.5 கிலோவுக்கு ஏற்ற முடிந்தது. பின்பு ஒரு நாள் பழைய முறையில் 80 கிலோவில் ஐந்து செட் செய்து பார்த்தபோது, ஐந்திலும் ஐந்து ரெப் முழுமையாக வந்தது.

அதற்குள் எடைச் சராசரி 73.4 கிலோவில் நின்று, இரண்டு வாரங்களைத் தாண்டியும் அசையவில்லை. உடல் கனத்திருந்தது, செட்டுகளும் கூடியிருந்தன, நன்றாகத் தூங்கியதால் பகலில் அதிகம் நடமாடவும் செய்தேன். ஆகவே எடை குறையாமல் இருக்கத் தேவைப்படும் கலோரியே உயர்ந்துவிட்டது. தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த உணவுக்கு இப்போதுதான் முறை வந்தது. பெரும்பாலும் மாவுச்சத்தாக, நாளொன்றுக்கு 150 கலோரி கூட்டினேன். சராசரி மீண்டும் வாரம் 200 கிராம் அளவில் ஏறத் தொடங்கியதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.