மதிப்பெண் குறிப்பு இல்லாமல் வந்த விடைத்தாள்

பிப்ரவரி 3

பழைய மாணவர் ஒருவர் தன் தம்பியின் விடைத்தாளை பி.டி.எஃப் ஆக அனுப்பியிருக்கிறார். பிளஸ் டூ இயற்பியல், தமிழ் வழி. "சார், நூற்றுக்கு எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லுங்க." வினாத்தாள் இல்லை, மொத்த மதிப்பெண்ணும் எழுதவில்லை.

நான் முதலில் பார்த்தது வினா எண்களைத்தான். 1 முதல் 15 வரை, பிறகு 16 முதல் 24க்குள் சில, 25 முதல் 33க்குள் சில, கடைசியில் 34 (அ), 36 (ஆ) என்று போகிறது. அரசுப் பொதுத்தேர்வின் அமைப்பு இதுதான். ஒரு மதிப்பெண் 15, இரண்டில் ஆறு, மூன்றில் ஆறு, ஐந்தில் ஐந்து என்று மொத்தம் 70. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரியது. அதனால் இந்தத் தாளை நூற்றுக்கு மாற்றிச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4

முதல் பதினைந்தைத் திருத்த வழியில்லை. பையன் (ஆ), (இ) என்று எழுத்தை மட்டும் போட்டிருக்கிறான். பக்கத்தில் விடையையும் எழுதியிருந்தால் ஓரளவு ஊகிக்கலாம். சரி, 55க்கு மட்டும் திருத்துகிறேன்.

24 கட்டாய வினா. அவன் அதைத் தொடவே இல்லை, அதனால் இரண்டு மதிப்பெண் போயிற்று.

33ம் கட்டாயம்தான், அங்கேதான் நின்றுவிட்டேன். லென்சு கணக்கு: n = 1.5, ஆரங்கள் 20 செ.மீ., 30 செ.மீ. 1/f = (n − 1)(1/R₁ − 1/R₂) என்று சரியாக எழுதி, இரண்டு ஆரங்களையும் நேர்க்குறியிலேயே பிரதியிட்டு, f = 120 செ.மீ. என்று முடித்திருக்கிறான். படம் வரையவில்லை. இருபுறக் குவிலென்சு என்றால் R₂ = −30, விடை 24 செ.மீ. ஆனால் இரண்டு பரப்புகளும் ஒரே பக்கம் வளைந்த லென்சைக் கேட்டிருந்தால் 120 தான் சரி! சமன்பாட்டுக்கு 1, பிரதியிடலுக்கு 1, அலகோடு விடைக்கு 1 என்பது என் பிரிப்பு. வினா தெரியாமல் இவனுக்கு 1ஆ 3ஆ என்று சொல்ல முடியாது.

இரவு பதில் அனுப்பினேன்: "தம்பி, 55க்கு 38 அல்லது 40. மொத்தம் 70 என்று நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கமும் 33ஆம் வினாவும் போட்டோ எடுத்து அனுப்பு."

பிப்ரவரி 6

போட்டோ வந்தது. தாளின் தலைப்பில் 70 என்றே இருக்கிறது. 33இல் கேட்டது இருபுறக் குவிலென்சு, ஆக 1 மதிப்பெண்தான். தவறான எண்ணைச் சரியாகச் சுருக்கியதற்கு அரை மதிப்பெண் தருபவர்கள் உண்டு. நான் தரவில்லை. இந்தக் கணக்கு சோதிப்பதே குறியீட்டு மரபைத்தான், அதை விட்டவனுக்கு மீதியிருப்பது வெறும் பின்னக் கழித்தல்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் 12 சரி. மொத்தம் 70க்கு 50. பகுதி வாரியாகப் பிரித்து எழுதி அனுப்பினேன். 33க்குப் பக்கத்தில் "R₂ எதிர்க்குறி, முதலில் படம் வரை" என்று குறித்திருக்கிறேன்.