தாத்தாவைக் குடும்பப் படத்தில் சேர்த்தது: மூன்று வார வேலைக் குறிப்பு

குடும்பப் படத்தில் பதினோரு பேர். வீட்டுத் தாழ்வாரத்தில் எடுத்தது, 6000-க்கு 4000 பிக்சல். நடுவில் நாற்காலியில் ஆச்சி. அவருக்குப் பின்னால், பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. தாத்தாவுக்கு இருப்பது ஸ்டுடியோவில் எடுத்த, மார்பளவுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். பின்வரிசையில் நிறுத்தினால் மார்புக்குக் கீழே ஆச்சியின் தலையும் தோள்களும் மறைத்துவிடும் என்பதால் பேத்தி அந்த இடத்தைத் தேர்ந்தாள்.

முதல் வாரம் முழுக்கத் தாத்தாவின் படத்தைப் பிரதி எடுப்பதிலேயே போனது. பல வருட ஈரப்பதத்தில் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டியதைப் பிய்க்கவே கூடாது. உருவம் இருக்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும். ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே கேமராவில் எடுத்தாள். இரு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு. லென்ஸுக்கு மட்டும் துளை விட்ட கறுப்புத் துணி கேமராவுக்கு முன்னால். துணி இல்லாமல் எடுத்த முதல் படத்தில் தாத்தாவின் சட்டைமேல் கேமராவின் பிம்பமே விழுந்திருந்தது.

அளவைக் கண்ணால் மதிப்பிட்டால் தலை பெரிதாகிவிடலாம். பெரியவர்களின் உயரம் ஆளுக்கு ஆள் எவ்வளவோ மாறும், இரு கண்மணிகளின் இடைவெளி அவ்வளவாக மாறாது. பெரும்பாலும் 63 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவுக்கு அது 84 பிக்சல், தாத்தாவின் பிரதியில் 400. ஆகவே 21 சதவீதத்துக்குச் சுருக்கினாள். இருவரும் நேராகப் பார்ப்பதால் இந்தக் கணக்கு சரிவந்தது. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் இடைவெளி குறைந்து தெரியும், அப்போது புருவத்திலிருந்து தாடை வரை அளக்க வேண்டும்.

சிக்கல் வெளிச்சத்தில் வந்தது. தாழ்வாரத்தில் வெளிச்சம் படத்தின் இடப்பக்கமிருந்து வருகிறது, ஸ்டுடியோ விளக்கோ வலப்பக்கம். தாத்தாவை இடவலமாகத் திருப்பிப் போட்டால் ஒரே நொடியில் வேலை முடியும். பேத்தி அதைத்தான் செய்தாள், ஆச்சியிடம் காட்டினாள்.

"இது அவரு இல்லடீ. அவரு தம்பி மாதிரி இருக்கு."

ஆச்சிக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் படத்தில் காரணங்கள் இருந்தன. இடக் கன்னத்து மச்சம் வலப்பக்கம் போயிருந்தது. வகிடு மாறியிருந்தது. சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒருவரை நாற்பது வருஷம் எதிரில் பார்த்தவருக்குத் திருப்பிய முகம் அந்நியமாகவே தெரியும். இறந்தவரின் படத்தைத் திருப்பாமல் இருப்பதுதான் நல்லது.

திரும்ப நேராக வைத்து, நிழலைக் கையால் மாற்றினாள். GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் முகத்துக்கு மேலே #808080 சாம்பல் நிரப்பிய ஒரு லேயர். அதன் மோடு Soft light. அந்த மோடில் இந்தச் சாம்பல் எதையும் மாற்றாது, வெள்ளை பூசினால் கீழே வெளுக்கும், கறுப்பு பூசினால் இருளும். அதில் ஓரம் மென்மையான பிரஷ், அடர்த்தி 6 சதவீதம். படத்தில் மூக்குக்கு இடப்பக்கம் விழுந்த நிழல்மேல் வெள்ளை, படத்தின் வலப்பக்கக் கன்னத்தில் கொஞ்சம் கறுப்பு, பல தடவையாக. முதலில் 20 சதவீதம் வைத்ததில் கன்னம் மாவு பூசியதுபோல் வெளுத்தது. பின்வரிசை கூரைக்கு அடியில் இருப்பதால் அங்கே நிழல்கள் மங்கல்தான், அதனால் முழுதாக எதிர்ப்பக்கம் மாற்றத் தேவைப்படவில்லை. விளக்கின் கூர்மையை அடக்கியதே போதுமானது. கடைசியில் கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளியை இரண்டு பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினாள். பெரியப்பாவின் தோள் நிழல் தாத்தாவின் சட்டைமேல் விழ வேண்டும். அது தனி லேயரில், கீழே உள்ளதை இருளாக்கும் Multiply மோடில், 25 சதவீதத்தில். இந்த நிழல் இல்லாதவரை தாத்தா வெட்டி ஒட்டிய அட்டைபோலவே நின்றார்.

தாத்தாவுக்கு நிறம் பூசவில்லை. அவர் சட்டை என்ன நிறம் என்று யாருக்கும் நினைவில்லை, ஊகித்துப் பூசினால் அது பொய். மாறாகக் குடும்பப் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கினாள். தாத்தாவின் தலைமுடி சாம்பல் நிறமாகத் தெரிந்தது, அப்பாவின் தலைமுடியோ கரிக் கறுப்பு. பழைய படம் வெளுத்திருந்ததே காரணம். Levels-இல் கறுப்பு முனையை உள்ளே நகர்த்தியதும் இரண்டும் ஒத்துவந்தன. சுருக்கியதில் அவர் மற்றவர்களைவிடக் கூர்மையாகிவிட்டார். 0.6 பிக்சல் மங்கல் கொடுத்து, பிறகு மொத்தப் படத்துக்கும் ஒரே மணல்மணலான அமைப்பைச் சேர்த்தாள். அவருக்கு மட்டும் சேர்த்தால் ஒட்டு தெரியும்.

12-க்கு 18 அங்குலம் அச்சிடும் முன் தாத்தா நிற்கும் பகுதியை மட்டும் அதே அளவில் 4-க்கு 6 தாளில் எடுத்துப் பார்த்தாள். கணினித் திரையில் தெரியாத கறுப்பு ஓரம் காதைச் சுற்றித் தெரிந்தது. ஸ்டுடியோவில் தாத்தாவுக்குப் பின்னால் இருந்த திரைத்துணியின் மிச்சம். தாத்தாவைப் பின்னணியிலிருந்து பிரித்த மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி மறுபடி அச்சிட்டாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடக் கன்னத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"மச்சம் இருக்கு. இப்ப பெருசாப் போடு."