தோசைக்கல்லுக்கு ஆறு குறிப்புகள்

வார்ப்பிரும்புப் பாத்திரம் விற்கும் கடையொன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, தோசைக்கல் பராமரிப்பைப் பற்றித் தொடராகக் குறிப்புகள் கேட்டார்கள். பழக்குவது, கழுவுவது, ஒட்டுவது, துரு, புளி, விரிசல் என்று ஆறு.

‘பகுதி 4’ என்று எண் போடுவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்தேன். இன்ஸ்டாகிராம் பதிவுகளை வரிசையாகக் காட்டாது. துருப்பிடித்த கல்லோடு நிற்பவருக்கு நான்காம் பகுதி மட்டும் கண்ணில் பட்டால், முதல் மூன்றைத் தேடிப் போகமாட்டார். அதனால் வரிசையை விட்டுவிட்டு, கல்லில் ஒன்றின் விளைவாக இன்னொன்று எப்படி வருகிறது என்று தாளில் அம்புக்குறி போட்டேன். புளிக்குழம்பை அதில் கொதிக்கவிட்டால் எண்ணெய்ப் பூச்சு கரையும். பூச்சு போனால் தோசை ஒட்டும். ஒட்டியதைச் சுரண்டி, ஈரத்தோடு வைத்தால் துரு. ஒவ்வொரு அம்புக்குறியும், இன்னொரு பதிவுக்கு அனுப்பும் ஓர் இணைப்பு வரி.

துருவுக்கு எழுதியது இது:

“கல்லில் துருவா? கல் கெட்டுவிடவில்லை. நாரால் துரு போகும்வரை தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் வற்றவிடுங்கள். இளஞ்சூட்டில் துளி நல்லெண்ணெய் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். அப்புறமும் தோசை ஒட்டினால் பூச்சு போயிருக்கிறது. ‘கல்லைப் பழக்குவது’ பதிவைப் பாருங்கள்.”

செய்ய வேண்டியது முழுவதும் இதிலேயே இருக்கிறது. அடுத்து வரக்கூடிய சந்தேகம் மட்டுமே வெளியே போகிறது. இணைப்பு வரியை மறைத்துவிட்டுப் படித்தால் வேலை முடிகிறதா என்பதுதான் என் சோதனை. கடையின் பேக்கிங் பகுதியில் இருந்த அக்காவிடம் இதை மட்டும் காட்டினேன். “எதுக்குத் தம்பி துடைக்கணும்? எண்ணெய் இருந்தா நல்லதுதானே?” என்றார். எண்ணெய் மெல்லிய படலமாகச் சூடேறினால்தான் இறுகிப் பூச்சாகும். தடிமனாக விட்டால் பிசுபிசுக்கும். பழக்குவதைப் பற்றிய பதிவில் இருந்த இந்தக் காரணத்தை ஒரு வாக்கியமாக இங்கேயும் சேர்த்தேன்.

‘ஈரம் வற்றவிடுங்கள்’ நான்கு பதிவுகளில் வருகிறது. திரும்பத் திரும்ப வருகிறதே என்று கடைக்காரர் முகம் சுளித்தார். ஆறையும் ஒரே மூச்சில் படிப்பவர் அவரும் நானும்தான். ஆனால் பெயர்களில் பிடிவாதமாக இருந்தேன்: ஓரிடத்தில் ‘பழக்குவது’, இன்னோரிடத்தில் ‘பதப்படுத்துவது’ என்று எழுதினால் தேடுபவருக்குக் கிடைக்காது. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் குறிப்பில் போடும் சுட்டியை அழுத்தித் திறக்கவும் முடியாதென்பதால், பதிவின் பெயரைப் படத்தின் மேலேயே பெரிதாக அச்சிட்டோம்.

விரிசல் குறிப்புக்கு மட்டும் இணைப்பு வரி வைக்கவில்லை. சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடக்கூடும்; விரிசல் விட்ட கல்லை மாற்றத்தான் வேண்டும். அங்கிருந்து எந்தப் பராமரிப்புப் பதிவுக்கும் அனுப்ப வழியில்லை. புதுக் கல்லின் விலையை அங்கே போடலாமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.